பிஃபோர்-ஆஃப்டர் போட்டோவுக்குக் கேப்ஷன்: வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்காமல் எழுதுவது எப்படி

பார்லர் தொடங்கிய புதிதில் நான் போட்ட ஒரு போட்டோவில் முகமே இல்லை. முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்த கூந்தல் மட்டும்தான். போட்டோ போடட்டுமா என்று கேட்டேன், அவரும் சரி என்றார். அதன் கீழே நான் எழுதியது இது: "ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் முடியெல்லாம் கொட்டிப்போச்சேன்னு கவலையோட வந்த நம்ம டீச்சர் மேடம், நாளைக்கு ஆண்டு விழாவுக்கு ரெடி!"

மறுநாள் அவர் வேலை செய்யும் இடத்தில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, முடி உதிர்வுக்கு மருந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாலையில் எனக்கு போன் வந்தது. அவர் கத்தவில்லை. "போட்டோ போடத்தானே கேட்டீங்க? இதையெல்லாம் எழுதப்போறேன்னு சொல்லவே இல்லையே" என்றார். (அவருடைய தொழிலையும் நிகழ்ச்சியையும் இங்கே மாற்றியிருக்கிறேன். நடந்ததை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. போட்டோவுக்குக் கொடுத்த சம்மதம் கேப்ஷனுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. போட்டோவில் தெரியாத ஆளை கேப்ஷன் காட்டிக்கொடுத்துவிடும். நாம் முகத்தை மறைப்பதில்தான் கவனமாக இருப்போம். ஆனால் தொழில், குழந்தை, உடல்நிலை, நாளைக்கு என்ன நிகழ்ச்சி என்ற நான்கும் ஒரே வரியில் வந்தால், தெரிந்தவர்களுக்கு அது பெயர் போட்ட மாதிரிதான். இப்போது நான் செய்கிற முறையை, அதே வேலையையே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

முதல் படி: "பிஃபோர்" எடுக்கும் முன்பே கேளுங்கள்

பலரும் செய்யும் தப்பு, வேலை முடிந்து கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்படும்போது கேட்பது. அதற்குள் பிஃபோர் போட்டோ எடுத்தாகிவிட்டது. வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும், இவ்வளவு நேரம் மெனக்கெட்டவரை எப்படி மறுப்பது என்று தயங்குவார். நடுவில் கேட்பது அதைவிட மோசம். தலையில் டை, கழுத்தில் துணி, எழுந்து போக வழியில்லை. அந்த நிலையில் வருகிற "சரி"யை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

வந்ததும் என்ன செய்யப் போகிறோம் என்று பேசுவோமே, நாற்காலியில் உட்காருவதற்கு முன், அப்போதே கேட்டுவிடுங்கள். அருகில் வேறு யாரும் இருக்கக் கூடாது. நான் கேட்பது இப்படி:

"மேடம், முன்னாடி எப்படி இருந்துச்சு, அப்புறம் எப்படி ஆச்சுன்னு ரெண்டு போட்டோ எடுக்கலாமா? எடுத்தாலும் நம்ம ரெகார்டுக்கு மட்டும் வச்சுக்கலாம், இல்லைன்னா வெளியில போடலாம். ரெண்டும் வேற வேற. எடுக்கவே வேண்டாம்னாலும் ஒண்ணும் இல்லை, வேலை அதேதான்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுத்தால் ஏதாவது குறையும் என்ற எண்ணம் அவருக்கு வரக் கூடாது. போட்டோவுக்குச் சம்மதித்தால் தள்ளுபடி என்று வைக்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. காசு கொஞ்சம் இடிக்கிறவருக்கு அங்கே சம்மதம் என்பது பெயருக்குத்தான்.

பதில் வராமல் சிரித்து மழுப்பினால், அது "வேண்டாம்". நீங்களே நல்லபடியாக அர்த்தம் எடுத்துக்கொள்ளாமல் பேச்சை மாற்றிவிடுங்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் அல்லது பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். அப்பா அம்மா சரி சொல்லி, பிள்ளை முகத்தைச் சுளித்தாலும் நான் எடுப்பதில்லை.

இரண்டாவது படி: ஒரு சீட்டு, ஐந்து கேள்விகள்

வாய்ச் சொல்லில் எது பேசினோம் என்பது ஒரு மாதத்தில் இருவருக்குமே மறந்துபோகும். அரைப் பக்கச் சீட்டு போதும். சட்ட மொழியெல்லாம் வேண்டாம். என் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்:

1. என்ன தெரியலாம்: முடி மட்டும் / முகம் பாதி / முழு முகம்
2. எங்கே போடலாம்: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் / இன்ஸ்டாகிராம் / இணையதளம் / காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம்
3. கேப்ஷனில் என்ன சொல்லலாம்: வெட்டியது, சாயம் போட்டது போன்ற வேலை விவரம் மட்டும் / வேறு ஏதாவது (அவர் கையால் எழுதட்டும்)
4. பெயர், டேக்: வேண்டாம் / முதல் பெயர் / டேக் செய்யலாம்
5. போடும் முன் கேப்ஷனை எந்த எண்ணுக்கு அனுப்பிக் காட்ட வேண்டும்

கீழே ஒரு வரி: "எப்போது வேண்டுமானாலும் நீக்கச் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் நீக்குவதற்கு முன் யாராவது எடுத்து வைத்துக்கொண்டதை எங்களால் திரும்ப வாங்க முடியாது." இந்தக் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டுச் சிலர் பின்வாங்குவார்கள். பின்வாங்கட்டும், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதற்குத்தானே எழுதியிருக்கிறோம்.

எந்தக் கட்டத்திலும் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். விளம்பரத்தைத் தனியாக வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. பக்கத்தில் போடும் பதிவைப் பெரும்பாலும் நம்மைத் தொடர்கிறவர்கள் பார்க்கிறார்கள். அதையே காசு கட்டி விளம்பரமாக ஓட்டினால், அவர் வீட்டுத் தெருவில் இருப்பவர்களின் போனிலும் வரும். முதலாவதற்குச் சரி என்றவர் இரண்டாவதற்கும் சரி என்பார் என்று நினைக்க முடியாது.

மூன்றாவது கேள்வி நான் அந்த போன் வந்த பிறகு சேர்த்தது. சீட்டில் மற்றதெல்லாம் அதற்குச் சுற்றுச்சுவர் மாதிரி என்றே சொல்வேன்.

மூன்றாவது படி: படத்திலிருந்து தேவையில்லாததை வெளியேற்றுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கு எதிரே எடுத்தால் பின்னால் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்கள், மேசையில் திறந்து கிடக்கும் அப்பாயின்ட்மென்ட் நோட்டு எல்லாம் விழும். வெற்றுச் சுவர் பக்கம் திருப்பி எடுங்கள். முடி மட்டும் என்று சொன்னவர் குத்தியிருக்கும் பச்சை, அவருடைய மச்சம், எப்போதும் போடும் கம்மல், வேலை இடத்து அடையாள அட்டைக் கயிறு ஆகியவையும் முகம் மாதிரிதான். கண்ணுக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் அம்மாவுக்கு மகளைத் தெரியாமல் போய்விடுமா? மறைப்பதைவிட வெட்டிவிடுவது நல்லது. போனில் பேனா மாதிரி கிறுக்கி மறைத்தால், சில வகைக் கோடுகள் முழுக்க அடைக்காது. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

லொக்கேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடமும் நேரமும் போட்டோ ஃபைலுக்குள்ளேயே பதிவாகும். பார்லரில் எடுத்ததற்கு அது பெரிய விஷயமில்லை. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் செய்த வேலை என்றால் அது அவர் வீட்டு முகவரி. கேமரா அமைப்பில் லொக்கேஷனை நிறுத்திவிட்டு எடுங்கள்.

நான்காவது படி: கேப்ஷனை முடியைப் பற்றி எழுதுங்கள்

இப்போது அதே வேலைக்கு வருவோம். வந்தவருடைய முடி நடு முதுகு வரை. பல அடுக்காக வெட்டி வளர்ந்த முடி, கீழே வர வர நூல் மாதிரி மெலிந்திருந்தது. வகிடு அகலமாகத் தெரிந்தது. நான் செய்தது இது: தோள்பட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஒரே நேர்கோட்டில், அடுக்கு இல்லாமல் வெட்டினேன். மெலிந்த நுனி போனதும் மீதி முடி அடர்த்தியாகத் தெரியும். நேர் வகிடை எடுத்துவிட்டுக் கோணல் மாணலாக வகிடு பிரித்தேன், தலைத்தோல் கோடு மாதிரி தெரியாமல் மறையும். வேர்ப்பக்கம் தூக்கி டிரையர் போட்டேன்.

முதலில் எழுதிய கேப்ஷனை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது முடியைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா?

"ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம்": ஆளைப் பற்றியது. அடிக்க வேண்டும். "முடி கொட்டிப்போச்சே": முடியைப் பற்றியது போலத்தான் தெரிகிறது, ஆனால் அது உடல்நிலை. முடி உதிர்வு, பொடுகு, தலைத்தோல் நோய், பேன், சிகிச்சையால் போன முடி எதுவானாலும், அவர் மருத்துவரிடம் சொல்வதை நம்மிடமும் நம்பிச் சொல்லியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆர், உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புள்ள வகையில் வைத்திருக்கிறது. சட்டம் எங்கே எப்படி இருந்தாலும் இதை அடிக்க வேண்டியதுதான். "கவலையோட வந்த": அடிக்க வேண்டும், அவர் அழுதாரா சிரித்தாரா என்பது நம் விளம்பரத்துக்கு உரியதில்லை. "டீச்சர் மேடம்", "நாளைக்கு", "ஆண்டு விழாவுக்கு": மூன்றும் போகும். "ரெடி" மட்டும் மிஞ்சுகிறது. அந்த கேப்ஷனில் என் வேலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இப்போது எழுதுவது:

"நடு முதுகு வரை இருந்த முடியைத் தோள்பட்டைக்கு மேலே நேர்கோட்டில் வெட்டியிருக்கிறோம். மெலிந்த நுனியை எடுத்து, அடுக்கு இல்லாமல் விட்டதால் பார்க்க அடர்த்தியாக இருக்கிறது. வகிடும் மாற்றிப் பிரித்தது. இரண்டாவது படம் டிரையர் போட்ட பிறகு எடுத்தது. வீட்டில் தானாகக் காயவிட்டால் இவ்வளவு தூக்கலாக நிற்காது. வாடிக்கையாளர் சம்மதத்துடன் பகிர்கிறோம்."

இதைப் படிக்கிற புதிய ஆளுக்கு, தன் முடிக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பழைய கேப்ஷன் அதைச் செய்யவில்லை. அதோடு "முடி உதிர்வுக்குத் தீர்வு" என்று போடுகிற ஆசையும் இங்கே அடிபட்டுப் போகிறது. வெட்டினால் முடியின் எண்ணிக்கை கூடாது. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் முடி அதிகமாகக் கொட்டுவது பலருக்கும் நடப்பது, பெரும்பாலும் காலப்போக்கில் தானே சரியாகும். நாம் தீர்த்ததாகச் சொன்னால் அது பொய்யும் ஆகும், அவர் ரகசியத்தை உடைத்ததும் ஆகும்.

"சம்மதத்துடன்" என்ற கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். அது சீட்டுக்கு மாற்று இல்லை.

பிஃபோர் படத்தைத் திட்டுகிற சொற்களும் வேண்டாம். "பாழான முடி", "கண்றாவி கலர்", "வேறு இடத்தில் கெடுத்தது" என்றெல்லாம் எழுதுவார்கள். அந்தத் தலைக்கு உரியவர் அதைப் படிப்பார். வீட்டிலேயே அவர் போட்டுக்கொண்ட சாயமாகவும் இருக்கலாம். "பல முறை அடர்ந்த கறுப்புச் சாயம் போட்ட முடி" என்று நிலையைச் சொன்னால் வேலை எவ்வளவு கடினம் என்பதும் புரியும், யாரையும் குத்தாது.

சில வேலைகளில் வேலை விவரமே ரகசியமாக இருக்கும். நரையை மறைக்கச் சாயம் போடுவது, முடி வைத்து நீட்டுவது, உச்சியில் சொட்டை தெரியாமல் இருக்க டாப்பர் வைப்பது. இதைச் செய்துகொள்பவர் வெளியில் தெரியக் கூடாது என்றுதான் செய்கிறார். இங்கே கேப்ஷனைச் சுத்தமாக எழுதினாலும் பயன் இல்லை. தெரிந்தவர்கள் படத்தை அடையாளம் கண்டால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும். இந்த வேலைகளுக்கு நான் வாடிக்கையாளர் படத்தைக் கேட்பதே இல்லை. சம்மதித்த என் ஊழியர் ஒருவரின் தலையிலோ பயிற்சித் தலையிலோ செய்து காட்டுகிறேன், அது பயிற்சித் தலை என்றும் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாவது படி: பக்கத்து மேசைக்காரர் கண்ணால் படியுங்கள்

எழுதி முடித்ததும் ஒரு முறை, அவரோடு வேலை செய்கிறவராக உங்களை நினைத்துக்கொண்டு படியுங்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்ப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. பார்க்கக் கூடாத நான்கு பேர் பார்ப்பதுதான் பிரச்சினை. அந்த நான்கு பேருக்கு அரைகுறை விவரமே போதும். "இன்று காலை" என்று எழுதினால், இன்று காலை லீவு போட்டவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் நாள், நேரம், வந்த காரணம் எதையும் எழுதுவதில்லை. போட்டோவையும் அன்றே போடாமல் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் போடுகிறேன்.

ஹேஷ்டேக்கையும் கேப்ஷனாகவே எண்ணுங்கள். மேலே எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கீழே "பிரசவத்திற்குப்பின்" என்று ஹேஷ்டேக் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்வையற்றவர்களுக்காகப் படத்தோடு சேர்க்கும் விளக்கமும், ஃபைலின் பெயரும் அப்படித்தான். இணையதளத்தில் ஏற்றும்போது வாடிக்கையாளர் பெயரிலேயே ஃபைல் இருந்தால், அது முகவரி வரியில் தெரியும்.

ஆறாவது படி: அனுப்பிக் காட்டுங்கள்

வெட்டித் தயாரான படத்தையும் முழு கேப்ஷனையும் ஹேஷ்டேக்கோடு சேர்த்து, அவர் கொடுத்த எண்ணுக்கு அனுப்புங்கள். நான் அனுப்புவது: "மேடம், இதுதான் போடப்போற படமும் வரிகளும். ஏதாவது மாத்தணுமா? நீங்க 'போடலாம்'னு சொன்னாத்தான் போடுவோம். பதில் வரலைன்னா போட மாட்டோம்." நினைவூட்டுவது ஒரே ஒரு முறைதான்.

இந்தக் கட்டத்தில் "படம் ஓகே, ஆனா நீளம் சொல்ல வேண்டாம்" என்பது போல வரும். நமக்குப் புரியாத காரணம் இருக்கும். கேட்காமல் மாற்றிவிட்டு, மாற்றியதை மறுபடி அனுப்புங்கள். சிலர் வேறு பக்கம் போவார்கள்: "என் கதையையும் எழுதுங்க, என்னை மாதிரி இருக்கிறவங்களுக்கு உதவும்." தாராளமாக எழுதலாம், ஆனால் அவர் சொற்களில், அவர் அனுப்பிய அளவில். நாம் உருக்கம் சேர்க்கக் கூடாது.

டேக் செய்யச் சொன்னவரையும் கேப்ஷன் போன பிறகு அவராகவே கமெண்டில் வரவிடுவது எனக்குப் பிடித்த வழி. டேக் அழுத்தினால் அவருடைய மற்ற படங்கள், குடும்பம், ஊர் என்று எல்லாம் ஒரு சொடுக்கில் திறக்கும் என்பதை அவர் அந்த நேரத்தில் யோசித்திருக்க மாட்டார்.

போட்ட பிறகு: கமெண்ட்

"இது நம்ம இன்னார் தானே?" என்று ஒருவர் கேட்பார். ஆமாம் என்று சொல்லக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். "இல்லை" என்றும் சொல்லக் கூடாது என்பதுதான் புதியவர்களுக்குப் பிடிபடாதது. இன்றைக்கு இல்லை என்று மறுத்துப் பழகினால், நாளைக்கு உண்மையான ஆளைக் கேட்கும்போது நீங்கள் மௌனமாக இருந்தாலே பதில் கிடைத்துவிடும். எப்போதும் ஒரே பதில் வையுங்கள்: "வாடிக்கையாளர்கள் யார் என்பதை நாங்கள் பேசுவதில்லை. கட்டிங் பற்றிக் கேளுங்கள், சொல்கிறோம்." பிறகு பெயர் போட்ட அந்தக் கமெண்டை மறைத்துவிடுங்கள். கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இந்தப் பதில் தெரிந்திருக்க வேண்டும். என் கணக்கிலிருந்து ஒரு முறை புதிதாக வந்த பெண் "ஆமா, அவங்களேதான்" என்று இதயம் போட்டுப் பதில் எழுதிவிட்டாள். தப்பு அவளுடையதில்லை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எடுக்கச் சொன்னால்

ஒரு நாள் செய்தி வரும்: "அந்தப் போட்டோவை எடுத்துடுங்க." ஏன் என்று கேட்காதீர்கள். நல்லாத்தானே இருக்கு என்று சமாதானமும் சொல்லாதீர்கள். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அதே ஜிடிபிஆர் சொல்கிறது. எனக்கு அது சட்டம் இல்லாத இடத்திலும் சரியான அளவுகோலாகப் படுகிறது. ஒரு டிக் போட்டுக் கொடுத்தார், ஒரு வரியில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்.

இதற்குத்தான் சீட்டின் பின்பக்கத்தில், படம் எங்கெங்கே போனது என்று போடும் அன்றே எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் பதிவை மட்டும் நீக்கிவிட்டு, ஸ்டோரியிலிருந்து ஹைலைட்டில் சேர்த்ததை மறந்துவிடுவோம். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், ஹைலைட் நாமாக எடுக்கும் வரை இருக்கும். இன்ஸ்டாகிராமில் நீக்கிய பதிவு 30 நாள் வரை "சமீபத்தில் நீக்கியவை"யில் கிடக்கும், அங்கே போயும் அழிக்க வேண்டும். ஓடுகிற விளம்பரம், இணையதளம், ஊழியர்களின் போன், கடை வாட்ஸ்அப் குரூப், போட்டோ பேக்கப் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்துவிட்டு, சீட்டில் தேதி போட்டு அடிக்கிறேன். பிறகு அவருக்கு அனுப்புவது: "எடுத்துட்டோம் மேடம். இன்ஸ்டாகிராம், ஹைலைட், வெப்சைட், எங்க போன் எல்லாத்துலயும். எங்கயாவது இன்னும் கண்ணுல பட்டா சொல்லுங்க, உடனே பார்க்கிறோம்."

முதலில் சொன்னேனே, அந்தப் பெண் அதற்குப் பிறகும் வருகிறார். போன முறை சீட்டைக் கொடுத்தபோது முதல் கேள்விக்கு மேலேயே குறுக்காகக் கோடு போட்டு "ரெகார்டுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த கட்டிங்கில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க அந்தப் படம் உதவியது. அது கடை ஃபைலில்தான் இருக்கிறது.